யாழ்ப்பாணத்துச் சூட்டில் பிறீசர் அறைக்குத் தரை ஹீற்றர் தேவையா?

கேள்வி: "குருநகர்ப் பக்கம் கடலுணவு வைக்க 12 × 8 மீற்றரில் பிறீசர் அறை கட்டுகிறோம், உள்ளே −20 பாகை. தரைக்குக் கீழே 100 மில்லிமீற்றர் ரெஜிபோம் போட்டால் காணும், ஹீற்றர் எல்லாம் பனி கொட்டுகிற நாடுகளுக்குத்தான் என்கிறார் கொன்ராக்டர். இந்தச் சூட்டில் நிலம் எப்படி உறையும்? ஹீற்றர் உண்மையிலேயே வேணுமா?"

உங்கள் கொன்ராக்டர் சொன்னதில் பாதி சரி. இன்சுலேஷன் காய்ந்து இருக்கும்வரை உங்கள் அளவு அறைக்குக் கீழே நிலம் உறையாது, அதைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஆனால் அந்த இன்சுலேஷன் காய்ந்தே இருக்கும் என்று நம்பித்தான் அவர் பேசுகிறார், கடலேரிக் கரையில் அந்த நம்பிக்கை பொய்த்துப்போன இடங்களை நான் பார்த்திருக்கிறேன். குளிரூட்டல் வேலையில் இருபது வருடத்துக்கு மேலாகிறது, முதல் பாதி வளைகுடா நாடுகளில், பிறகு இங்கே. அதனால் ஹீற்றர் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நான் சொல்லும் காரணம் குளிர்நாட்டுக் காரணம் இல்லை.

முதலில் நிலம் எப்படி உறைகிறது என்பது. இன்சுலேஷன் வெப்பத்தை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். பிறீசர் இரவு பகல், வருடம் முழுக்க ஓடுகிறது. கீழே இருக்கிற மண்ணிலிருந்து வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி அறைக்குள் போய்க்கொண்டே இருக்கும். சுவர் ஓரத்து மண்ணுக்கு வெளிநிலத்திலிருந்து வெப்பம் வந்து சேரும், நடுத்தரைக்குக் கீழே இருக்கிற மண்ணுக்கு அது சுற்றி வர வேண்டும், ஆகவே நடுப்பகுதிதான் கூடக் குளிரும். அங்கே பூச்சியத்துக்குக் கீழே போனால் மண்ணில் இருக்கும் தண்ணீர் உறையும். தண்ணீர் உறையும்போது ஒன்பது வீதம் விரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், ஆனால் தரையைத் தூக்குவது பெரும்பாலும் அது இல்லை. உறைகிற இடம் கீழே இருக்கும் ஈரத்தைத் தன்பக்கம் உறிஞ்சும், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி. இழுத்த தண்ணீர் அங்கேயே தட்டுத் தட்டாகப் பனிக்கட்டியாகும், அந்தத் தட்டுகள் தடித்துக்கொண்டே போய்க் கொங்கிறீற்றைத் தூக்கும். தண்ணீர் வந்துகொண்டிருக்கும்வரை அது நிற்காது.

ஆக மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும்: உறைகிற குளிர், தண்ணீர், தண்ணீரை மேலே இழுக்கிற நுண்மையான மண். பருமணலும் சல்லியும் இழுக்காது, அவற்றின் இடைவெளி பெரிது. வண்டலும் வண்டல் கலந்த நுண்மணலும்தான் மோசமானவை. உங்கள் பக்கத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம், கொஞ்சம் தோண்டினாலே ஊறும், ஐப்பசி கார்த்திகை மழையோடு இன்னும் மேலே வரும். மண்ணும் கடலேரிச் சேறு, வண்டல், அதற்கு மேலே மக்கியோ கிரவலோ கொட்டி நிரப்பியதாக இருக்கும். வலிகாமத்துச் சுண்ணாம்புப் பாறையில் நேரே கட்டுகிறவருக்கு இந்தக் கவலை குறைவு. உங்களுக்கு மூன்றில் இரண்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது, மிச்சம் இருப்பது குளிர் மட்டும்.

சரி, கணக்கு. இங்கே ஆழத்து நிலம் ஏறக்குறைய 28 பாகை என்று வையுங்கள். உள்ளே −20. வித்தியாசம் 48 பாகை. இந்த 48 பாகையையும் இன்சுலேஷனும் மண்ணும் தங்கள் தங்கள் வெப்பத்தடைக்கு ஏற்றபடி பங்குபோட்டுக்கொள்ளும். வெப்பத்தடை என்பது தடிப்பை மீற்றரில் எடுத்து, அந்தப் பொருளின் வெப்பக்கடத்து எண்ணால் பிரிப்பது. ரெஜிபோம் 0.1 மீற்றர், அதன் எண் 0.037 அளவில், ஆகவே தடை 2.7. மண்ணுக்கு, அறையின் நடுவில், அகலத்தில் பாதியைத் தடிப்பாக எடுப்பது எனக்குப் பழக்கமான தோராயம், கொஞ்சம் பயந்த பக்கம் நிற்கும். உங்களுக்கு 4 மீற்றர். ஈரமண்ணின் எண் 1.5, ஆகவே தடை அதுவும் 2.7. இரண்டும் சமம் என்பதால் 48 பாகை சரிபாதியாகப் பிரியும். 28-இலிருந்து 24 கழித்தால் இன்சுலேஷனுக்குக் கீழே நடுவில் +4 பாகை. உறையவில்லை. இதுதான் உங்கள் கொன்ராக்டர் சரி என்று நான் சொன்ன பாதி.

இனி அதே ரெஜிபோம் ஈரம் குடித்துத் தடையில் பாதியை இழந்தது என்று வையுங்கள், 2.7 போய் 1.35. மொத்தம் 4.05-இல் மண்ணின் பங்கு மூன்றில் இரண்டு, அதாவது 32 பாகை. 28-இலிருந்து 32 போனால் −4. நிலத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அறையிலும் இல்லை, நடுவில் இருந்த ஒரு தட்டு நனைந்தது மட்டும்தான். பின்னாளில் இதே அறையை இறால் உறையவைக்கிற பிளாஸ்ற் பிறீசராக்கி −35-க்கு இறக்கினாலும் கதை மாறும்: வித்தியாசம் 63, பாதி 31.5, காய்ந்த ரெஜிபோமிலேயே −3.5 வந்துவிடும். அகலம் 20 மீற்றர் இருக்கிற பெரிய களஞ்சியமென்றால் மண்ணின் தடிப்பு 10 மீற்றர், அங்கே நல்ல இன்சுலேஷன் 150 மில்லிமீற்றர் காய்ந்து இருந்தும் பூச்சியத்தைத் தொட்டுவிடும். அதனால்தான் பெரிய களஞ்சியங்களில், எவ்வளவு சூடான நாடென்றாலும், ஹீற்றர் வேணுமா என்ற கேள்வியே எழுவதில்லை.

அப்போ இன்சுலேஷன் ஏன் நனைகிறது? இங்கேதான் நம்முடைய சூடே நமக்கு எதிராக வேலை செய்கிறது. 28 பாகை ஈரநிலத்தில் நீராவியின் அழுத்தம் −20 பாகை அறையில் இருப்பதைப் போல முப்பது மடங்குக்கு மேல். அந்த அழுத்தம் நீராவியை எப்போதும் ஒரே திசையில், கீழிருந்து மேலே தள்ளும். குளிர்நாடுகளில் நிலம் அவ்வளவு சூடில்லை, ஆகவே தள்ளுகிற அழுத்தமும் குறைவு. நமக்கு 365 நாளும் முழுத் தள்ளல். இன்சுலேஷனுக்குக் கீழே நீராவித் தடை, வேலைத்தளத்தில் வேப்பர் பரியர் என்பார்கள், அதில் ஒரு கம்பி குத்தின ஓட்டை இருந்தால் போதும், அந்த வழியால் ஏறுகிற நீராவி ரெஜிபோமின் மணிகளுக்கு இடையில் போய்த் தண்ணீராகி, இன்னும் மேலே குளிர்ப் பக்கத்தில் பனிக்கட்டியாகும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை.

ஒரு இடத்தைச் சொல்கிறேன். கடலேரிக்குப் பக்கத்தில் ஒரு மீன் களஞ்சியம், 9 மீற்றர் அகலம், −20. மூன்றாவது வருடம் கதவு அடியில் உரசுகிறது என்று கூப்பிட்டார்கள். கதவைச் சீவி ஏற்கெனவே ஒரு தடவை சரிபண்ணியிருந்தார்கள். உள்ளே போனபோது பெட்டி ஏற்றிய தள்ளுவண்டியை நடுவில் விட்டால் அது தானாகச் சுவர்ப் பக்கம் உருண்டது. மேசன்மார் பாவிக்கிற தண்ணி லெவல் குழாயால் அளந்தோம், நடு 35 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தது, சுவரோரம் பழைய மட்டத்திலேயே இருந்தது. ஒரு துளை போட்டு எடுத்தோம். வெளியே வந்த ரெஜிபோம் துண்டு கையில் கல்லு மாதிரிக் கனத்தது, மணிகளுக்கு இடையெல்லாம் பனி. அதற்குக் கீழே சேற்று மண்ணும் பனிக்கட்டியும் மாறி மாறித் தட்டுத் தட்டாக இருந்தன, பனித்தட்டு ஒவ்வொன்றும் நுங்குச் சுளை மாதிரித் தெளிவாக, விரல் தடிப்பில். தரையை உடைத்தபோது பொலித்தீன் ஒரு பட்டு, சாதாரண மெல்லிய சீற், பொருத்துகளில் ஒன்றன்மேல் ஒன்று போட்டு ஒட்டாமலே விட்டிருந்தார்கள், தூண் அடியில் கத்தியால் வெட்டித் திறந்தபடி. கொங்கிறீற் கொட்டிய அன்று அது யாருடைய கண்ணிலும் பட்டிருக்காது.

அதனால் உங்கள் தரையைக் கீழிருந்து மேலாக இப்படிக் கட்டச் சொல்வேன். நிரப்பிய மண்ணை இறுக்கி, அதன்மேல் தூசு கழுவிய 20 மில்லிமீற்றர் சல்லி, குறைந்தது 150 மில்லிமீற்றர் தடிப்பில். இது தண்ணீர் மேலே இழுபடுவதை அறுக்கும், மூன்று காரணங்களில் ஒன்றைக் குறைக்கிற மிக மலிவான வேலை இதுதான். ஆனால் மாரியில் ஊற்று இந்தச் சல்லிக்குள் ஏறினால் பலன் போய்விடும், ஆகவே தரை மட்டத்தை உயர்த்துங்கள், எப்படியும் லொறியில் ஏற்ற இறக்க உயரம் தேவைதானே. சல்லிக்கு மேல் மெல்லிய கொங்கிறீற், அதற்குள் ஹீற்றர் வயர் போகும் குழாய்கள். அதன்மேல் நீராவித் தடை. மெல்லிய பொலித்தீன் வேண்டாம், சூடாக்கி ஒட்டுகிற தார்ச் சீற் போடுங்கள், பொருத்துகள் ஒட்டி, ஓரத்தில் மேலே மடித்துச் சுவர்ப் பனலின் வெளிப்பக்கத்தோடு சேர்த்து ஒட்ட வேண்டும். அந்தச் சேருமிடத்தில்தான் அதிகம் பிழை வருகிறது, நீங்களே நேரே போய் நின்று பாருங்கள், படமும் எடுத்து வையுங்கள். அதன்மேல் இன்சுலேஷன். ரெஜிபோமை விட்டுவிட்டு எக்ஸ்.பி.எஸ். என்கிற கடினமான நிறப் பலகையை எடுங்கள், தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு, பாரமும் தாங்கும். 75 மில்லிமீற்றரில் இரண்டு அடுக்கு, கீழ் அடுக்கின் பொருத்து மேல் அடுக்கின் பொருத்துக்கு நேரே வரக்கூடாது. அதன்மேல் கொங்கிறீற் பால் இறங்காமல் ஒரு சாதாரண பொலித்தீன், கடைசியில் கம்பி கட்டிய 125 அல்லது 150 மில்லிமீற்றர் கொங்கிறீற். 150 மில்லிமீற்றர் எக்ஸ்.பி.எஸ்.-இன் தடை 4.4, அதே கணக்கில் நடுவில் கிட்டத்தட்ட +10 வரும்.

+10 என்றால் ஹீற்றர் எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல நிலையில் அது எரியவே எரியாது, அதுதான் அதன் சரியான நிலை. 5 பாகைக்குக் கீழே போனால் எரி, 7-க்கு வந்தால் நில் என்று வையுங்கள். முதல் பல வருடம் மீற்றர் அசையாது. ஒரு நாள் அது எரியத் தொடங்கி, மாதத்துக்கு மாதம் நேரம் கூடுகிறதென்றால், கீழே இன்சுலேஷன் நனைகிறது என்று அது உங்களுக்குச் சொல்கிறது, தரை ஒரு மில்லிமீற்றர்கூட உயர முதலே. ஆகவே ஹீற்றருக்கு ஒரு மணிக்கணக்கு மீற்றர் பூட்டுங்கள், மாதத்துக்கு ஒரு தடவை எழுதி வையுங்கள். யாழ்ப்பாணத்தில் தரை ஹீற்றரால் கிடைக்கிற பெரிய பலன் இதுதான் என்பது என் எண்ணம், சூடு கொடுப்பது அதற்கு அடுத்தது.

எவ்வளவு சூடு? மோசமான நிலையை எடுப்போம், இன்சுலேஷனின் தடை 1.35-க்கு விழுந்துவிட்டது, கீழே 5 பாகையில் பிடித்து வைக்க வேண்டும். மேலே போகிற வெப்பம் 25-ஐ 1.35-ஆல் பிரித்தால் சதுர மீற்றருக்கு 18.5 வாட். மண் தானாகவே 23-ஐ 2.7-ஆல் பிரித்த அளவு, 8.5 வாட் கொடுக்கும். மிச்சம் 10. கையிருப்போடு 15 வாட் போட்டால், 96 சதுர மீற்றருக்கு ஒன்றரைக் கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு கேத்திலை விடச் சின்னது. மீற்றருக்கு 8 வாட் அளவிலான வயரை அரை மீற்றர் இடைவெளியில் ஓட்டினால் சரியாக வரும். வயரை நேரே கொங்கிறீற்றில் புதைக்க வேண்டாம். குழாய்க்குள் விட்டு, இரண்டு முனையும் சுவருக்கு வெளியே எட்டுகிற மாதிரி வைத்தால் பழுதானதை இழுத்து மாற்றலாம். ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு சுற்றாகப் பிரியுங்கள், ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், ஜெனரேற்றரில் ஹீற்றரைச் சேர்க்கத் தேவையில்லை, மண் நாள்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில்தான் மாறும்.

சென்சர் குறைந்தது மூன்று: நட்டநடுவில் ஒன்று, நடுவுக்கும் சுவருக்கும் இடையில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, இவையும் இழுத்து மாற்றக்கூடிய குழாய்க்குள். கட்டுப்பாடு மூன்றிலும் குறைந்ததைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். சுவரோரச் சென்சரை மட்டும் வைத்துவிட்டு நடு உறைந்தபோதும் எல்லாம் சுகம் என்று இருந்த இடம் ஒன்றும் எனக்குத் தெரியும். 2 பாகைக்கு வந்தால் மணி அடிக்கட்டும். பயத்தில் 25 பாகைக்கு ஏற்றியும் வைக்காதீர்கள், அறைக்குள் தரையால் ஏறுகிற வெப்பம் 10 பாகையில் இருப்பதைவிட ஒன்றரை மடங்காகும், ஹீற்றருக்கும் கட்டுவீர்கள், அதை வெளியே எடுக்கிற கொம்பிரசருக்கும் கட்டுவீர்கள்.

வேறு வழிகளும் இருக்கின்றன. தரைக்குக் கீழே பெரிய குழாய்கள் பதித்து வெளிக்காற்றை ஓடவிடுவது சூடான நாடுகளில் நடைமுறைதான், கரண்ட் செலவு இல்லை. ஆனால் நம்முடைய காற்றின் ஈரத்துக்குக் குளிர்ந்த குழாயில் தண்ணீர் கோத்துக்கொண்டே இருக்கும், சரிவும் வடிகாலும் இல்லையென்றால் தேங்கும், மாரியில் ஊற்றும் உள்ளே வரும், உங்கள் காணிக்கு நான் சொல்ல மாட்டேன். கொம்பிரசரின் கழிவு வெப்பத்தால் கிளைக்கோல் கலந்த தண்ணீரைச் சூடாக்கிச் சுற்றவிடுவது பல நூறு சதுர மீற்றருக்கு மிக நல்லது, 96-க்குப் பம்பும் பராமரிப்பும் வீண். தரையையே குட்டைத் தூண்களில் உயர்த்தி அடியில் காற்றோட விட்டால் மண் பிரச்சினையே இல்லை, ஹீற்றரும் வேண்டாம், கொங்கிறீற் செலவு கூடும். கட்டட எஞ்சினியரிடம் இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள், சேற்று நிலத்தில் எப்படியும் பைல் அடிக்க வேண்டி வந்தால் இதுவே முந்தும்.

என் கணக்கு தாளில் போடுகிற கணக்கு என்பதையும் மனதில் வையுங்கள். மண்ணின் எண் 1.5 என்பது ஈரத்தோடு மாறும், கடலேரித் தண்ணீரின் உப்பு உறைகிற பாகையைக் கொஞ்சம் கீழே தள்ளும், நிலத்தடி நீர் ஓடினால் அது வெப்பம் கொண்டுவந்து உதவும். ஒன்றிரண்டு பாகை இப்படியும் அப்படியும் போகலாம். உங்கள் மண் எவ்வளவு இழுக்கும் என்பதை மண்ணைத் துளைத்து எடுத்துப் பார்த்தால்தான் சொல்லலாம். எப்படியும் அத்திவாரத்துக்குத் துளை போடுவீர்கள், அதே மாதிரியில் வண்டல் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். நனைந்த இன்சுலேஷன் தடையை இழக்கும், நடு முதலில் உறையும் என்ற இரண்டிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்புறம், ஏற்கெனவே பிறீசர் வைத்திருக்கிற யாராவது இதை வாசித்தால்: எல்லாத் தரை மேடும் நிலத்தால் வருவதில்லை. கதவு வாசலில் மட்டும், ஒரு சின்ன இடத்தில் வீங்கினால், அது பெரும்பாலும் கதவால் வந்த ஈரம் பனலுக்குள் உறைந்தது. நடுவில் அகலமாகக் குவிந்து, ஓரம் பழைய மட்டத்திலேயே இருந்தால்தான் நிலத்தைச் சந்தேகியுங்கள். அப்படியென்றால் உடனே பிறீசரை நிறுத்திக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். வேகமாக உருகினால் கீழே மண் சேறாகிப் பாரம் தாங்காது, மேலே கொங்கிறீற் வெற்றிடத்துக்கு மேல் நிற்கும். நான் சொன்ன களஞ்சியத்தில் பொருளைக் காலிபண்ணி, உள் பாகையைப் படிப்படியாக உயர்த்தி, வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி லெவல் பிடித்து, நாலு மாதம் எடுத்துத்தான் தரை கீழே வந்தது. அப்படியும் 35-இல் 6 மில்லிமீற்றர் இறங்கவில்லை, அதற்குப் பிறகுதான் உடைத்துப் புதிதாகக் கட்டினோம்.